‘பார்க்கலாம்’ என்று இழுக்காதீர்கள்

கணக்குப் பிரிவில் இருப்பவர் கொள்முதல் பிரிவுக்கு மாற்றல் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே காலியிடம் இருக்கிறது. ஆனால் சப்ளையர்களிடம் விலை பேசிய அனுபவம் அவருக்கு இல்லை. அதனால் வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பல மேலாளர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். “ஆடிட் முடியட்டும், பார்க்கலாம்” என்பார்கள். அவரும் ஆடிட் முடிந்ததும் நம்பிக்கையோடு வந்து நிற்பார். பொய்க் காரணம் அன்றைக்கு உடைந்துவிடும்.

முடிவை முதலில் நேரில் சொல்லுங்கள், பிறகு மெயில் அனுப்புங்கள். “இந்த முறை மாற்றல் இல்லை. விலை பேசிய அனுபவம் குறைவு என்பதே காரணம். உங்கள் இப்போதைய வேலையில் குறையில்லை” என்று எழுதினால் போதும்.

அடுத்த வாய்ப்புக்கு, உங்கள் கையில் இருப்பதை மட்டும் வாக்குக் கொடுங்கள். “அடுத்த இடம் உங்களுக்குத்தான்” என்று சொல்லாதீர்கள். தேர்வு செய்வது கொள்முதல் மேலாளர். வாரம் ஒரு மதியம் அவரோடு உட்கார்ந்து மூன்று கொட்டேஷன்களை ஒப்பிட்டுப் பழக அனுமதிக்கலாம். ஆறு மாதத்தில் மறுபடி பேசுவதற்கான தேதியை இப்போதே காலண்டரில் குறியுங்கள். காலியிடம் வந்தால், வெளியே விளம்பரம் போவதற்கு முன் அவருக்குத் தெரிவியுங்கள்.