ஜனவரியில் 30 டிகிரி

வாஷிங்டன் நகரில் வாடகை சைக்கிள் விடும் ‘கேப்பிட்டல் பைக்‌ஷேர்’ சேவையின் 2011, 2012 ஆண்டுகளின் 731 நாள் கணக்கு, இயந்திரக் கற்றல் படிப்பவர்களுக்கு நன்கு பழக்கமானது. வெப்பநிலை, உடல் உணரும் வெப்பம், மாதம் என ஒவ்வொரு நாளின் விவரமும், அன்று எத்தனை முறை சைக்கிள் வாடகைக்குப் போனது என்பதும் அதில் இருக்கும். இவற்றைக் கற்ற கணிப்பு மாதிரி, வெப்பம் கூடக் கூட என்ன சொல்கிறது? இதைக் காட்டுவதுதான் பகுதிச் சார்பு வரைபடம். ஜெரோம் ஃபிரீட்மன் 2001இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தது.

வரையும் முறை எளிது. 731 நாட்களுக்கும் வெப்பநிலையை 30 டிகிரி என்று மாற்றி எழுதுகிறோம். மற்ற விவரங்களைத் தொடுவதில்லை. மாதிரி தரும் 731 கணிப்புகளின் சராசரி, 30 டிகிரிக்கு நேரே ஒரு புள்ளி. இப்படியே 5, 10, 15 என்று போனால் கோடு கிடைத்துவிடும். கோடு ஏறினால், மாதிரியின் கணக்கில் வெப்பம் கூடினால் வாடகையும் சராசரியாகக் கூடுகிறது. வரைபடத்தின் உயரத்தைவிட ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வில்லங்கம் அந்த ‘மாற்றி எழுதுவதில்’ இருக்கிறது. ஜனவரி நாளுக்கும் 30 டிகிரி போட்டுவிட்டோம். வாஷிங்டனின் ஜனவரியில் அப்படி ஒரு நாளை மாதிரி பார்த்ததே இல்லை. ஆனாலும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும். அதுவும் சராசரியில் சேர்ந்துவிடும். கோட்டில் அதற்கான தடயம் எதுவும் தெரியாது. வெப்பத்தையும் மாதத்தையும் வைத்துப் புள்ளிப்படம் போட்டால்தான் எந்த மூலை காலியாக இருக்கிறது என்று தெரியும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. வெப்பநிலையும் உணரும் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாகவே நகர்பவை. கணக்கு எளிதாக இருக்க, இரண்டும் எப்போதும் சமம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதிரி: 1000 + 100 × வெப்பநிலை. இரண்டாவது: 1000 + 50 × வெப்பநிலை + 50 × உணரும் வெப்பம். 20 டிகிரி நாளுக்கு இரண்டுமே 3000 என்கின்றன. எந்த நாளை எடுத்தாலும் விடை ஒன்றுதான். ஆனால் வெப்பநிலைக்கான வரைபடத்தில் முதல் மாதிரி டிகிரிக்கு 100 ஏறுகிறது, இரண்டாவது 50தான். இரண்டாவது படத்தை மட்டும் பார்த்தவர், வெப்பத்துக்குப் பாதி வலுதான் என்று எழுதிவிடுவார். மீதிப் பாதி பக்கத்துப் பத்தியில் உட்கார்ந்திருக்கிறது.

முதல் சிக்கலுக்கு மருந்தாக ஆப்லியும் ஜூவும் கொண்டுவந்தது, திரண்ட உள்ளூர் விளைவு வரைபடம். உண்மையிலேயே 28 முதல் 30 டிகிரிக்குள் இருந்த நாட்களை மட்டும் எடுத்து, அந்தச் சிறு இடைவெளியில் கணிப்பு எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, துண்டு துண்டாகக் கூட்டிக்கொண்டு போகும். ஜனவரிக்கு 30 டிகிரி போட வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன இரண்டு மாதிரிகளுக்கு அதுவும் 100, 50 என்றே காட்டும். பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதில்லை. அங்கே வேறு வழி வேண்டும். இரண்டு பத்திகளையும் சேர்த்தே நகர்த்திப் பாருங்கள்: இரண்டு மாதிரியிலும் டிகிரிக்கு 100.