அஞ்சே கால் லட்சம் எங்கே போச்சு?

கோவையின் பம்ப் பட்டறைகளில் ‘காஸ்டிங்’ என்றால் அச்சில் ஊற்றி எடுத்த இரும்பு வார்ப்புதான் முதலில் நினைவுக்கு வரும். நான் செய்யும் காஸ்டிங் வேறு. ஒரு பம்ப் செய்து முடிக்க எவ்வளவு ஆகிறது என்று கணக்குப் போடும் அடக்கவிலை வேலை. “உங்க காஸ்டிங் இன்னும் சூடு ஆறலீங்களா?” என்று வருடா வருடம் கிண்டல் செய்யும் ஒரு பட்டறை முதலாளி, ஒரு ஜூலை மாதம் மட்டும் சிரிக்கவில்லை.

“ஏனுங்க, உங்க ஷீட்டுல இருபத்தொன்னரை லட்சம் லாபம்னு போட்டிருக்கீங்க. ஆடிட்டர் பதினாறே காலுங்கறாரு. மிச்சம் அஞ்சே கால் லட்சம் எங்கீங்க போச்சு?”

யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அங்கே கணக்குப் புத்தகம் இரண்டு. ஆடிட்டர் பார்ப்பது நிதிக் கணக்கு: ஏப்ரல் முதல் மார்ச் வரை உண்மையில் ஆன செலவும் வந்த வரவும் அதில் இருக்கும். என்னுடையது அடக்கவிலைக் கணக்கு. நாளைக்கு ஒரு விவசாயி பம்ப் விலை கேட்டால் இன்றைக்கே சொல்ல வேண்டும். மார்ச் 31 வரை காத்திருக்க முடியாது. அதனால் என் புத்தகத்தில் சில செலவுகள் முன்கூட்டியே போட்ட உத்தேசக் கணக்கில்தான் ஏறும். ஒரே ஆண்டின் லாபம் இரண்டு புத்தகத்திலும் வேறு வேறாக வருவது இயல்பு. ஆனால் வித்தியாசம் ஏன் வந்தது என்று ரூபாய் விடாமல் காட்டியாக வேண்டும். அதைக் காட்டுவதுதான் சரிகட்டும் பட்டியல். அடக்கவிலைத் தணிக்கைக்கு உட்பட்ட பெரிய நிறுவனங்கள் இதைத் தணிக்கை அறிக்கையிலேயே சேர்க்க வேண்டும். இந்தப் பட்டறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதலாளிக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

இருபத்தொன்னரை லட்சத்திலிருந்து இறங்க ஆரம்பித்தோம்.

முதலில் மேற்செலவு. ஃபோர்மேன் சம்பளம், ஷெட் பராமரிப்பு, மின்சாரத்தின் நிலைக் கட்டணம், இயந்திரத் தேய்மானம் என்று எந்தப் பம்ப்பின் தலையிலும் நேரடியாகக் கட்ட முடியாத செலவுகள் இவை. ஆண்டு தொடக்கத்தில் இவை 24 லட்சம் ஆகும், இயந்திரங்கள் 40,000 மணி நேரம் ஓடும் என்று எதிர்பார்த்து மணிக்கு 60 ரூபாய் என்று விகிதம் வைத்தோம். ஒரு பம்ப் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்தால் அதன் மேல் 240 ரூபாய் ஏறும்.

ஆனால் ஆர்டர் குறைந்து இயந்திரங்கள் ஓடியது 36,000 மணிதான். என் புத்தகத்தில் ஏறிய மேற்செலவு 21,60,000. உண்மையில் ஆனதோ 25,10,000. எந்தப் பம்ப்பின் மேலும் ஏறாமல் நின்றுபோனது மூன்றரை லட்சம். இதைத்தான் ‘குறை ஈர்ப்பு’ என்பார்கள். ஆடிட்டர் முழுச் செலவையும் கழித்துவிட்டார், நான் ஏற்றியதை மட்டும் கழித்தேன். ஆகவே என் லாபத்திலிருந்து 3,50,000 இறங்கியது.

அடுத்தது சரக்கு. கிடங்கில் பழைய மாடல் பம்ப் 300 கிடந்தன. ஒவ்வொன்றும் செய்ய 4,200 ரூபாய் ஆனது என்று என் ஷீட் சொல்கிறது. சரக்கை நான் அந்த மதிப்பிலேயே வைத்திருந்தேன். நிதிக் கணக்கில் விதி வேறு: அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதுதான் மதிப்பு. புது மாடல் வந்த பிறகு பழையதை 3,500-க்கு மேல் யாரும் கேட்பதில்லை. பம்ப்புக்கு 700 வீதம் 2,10,000 ரூபாய் ஆடிட்டர் புத்தகத்தில் குறைந்தது. இறுதிச் சரக்கின் மதிப்பு குறைந்தால் லாபமும் அதே அளவு குறையும்.

தொடக்கச் சரக்கு இதற்கு நேர் தலைகீழ். போன மார்ச்சிலும் இதே விதிப்படி 90,000 குறைத்திருந்தார்கள். அந்தச் சரக்கு இந்த ஆண்டின் செலவாகத்தானே உள்ளே வருகிறது! நிதிக் கணக்கில் செலவு குறைவாக வந்ததால் லாபம் 90,000 கூடியது. இதைக் கூட்ட வேண்டும். பரீட்சை எழுதும் பிள்ளைகளும் சரி, பழுத்த கணக்கர்களும் சரி, இந்த இடத்தில் தடுமாறுவார்கள். கூட்ட வேண்டிய 90,000-ஐக் கழித்துவிட்டால் கடைசியில் 1,80,000 உதைக்கும். அதனால் பட்டியல் உதைத்தால் நான் முதலில் உதைத்த தொகையைப் பாதியாக்கிப் பார்ப்பேன். அந்தப் பாதி பட்டியலில் எங்காவது இருந்தால், அது திசை மாறிய வரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மற்றவை ஒரு புத்தகத்தில் இருந்து இன்னொன்றில் இல்லாதவை. இவற்றில் சூட்சுமம் அதிகம் இல்லை. பட்டறை சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது, வாடகை இல்லை. ஆனாலும் வாடகைக்கு விட்டிருந்தால் மாதம் 30,000 வந்திருக்கும் என்று அதை என் புத்தகத்தில் நிர்வாகச் செலவாக எழுதுகிறேன். கையை விட்டுப் பணம் போகாததால் ஆடிட்டர் அதை ஏற்கமாட்டார். 3,60,000 கூட்ட வேண்டும். வங்கிக் கடன் வட்டி 4,80,000-ஐ இந்தப் பட்டறையில் பம்ப்பின் அடக்கவிலையில் சேர்ப்பதில்லை. அது ஆடிட்டர் பக்கம் மட்டும் இருக்கிறது, கழிக்க வேண்டும். பழைய லேத் ஒன்றை விற்றதில் 65,000 லாபம். பம்ப் செய்து வந்த லாபம் இல்லையே, அதனால் என் புத்தகத்தில் இல்லை; கூட்ட வேண்டும்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். தேய்மானத்தை நான் இயந்திரம் ஓடிய மணியை வைத்துப் போடுகிறேன். ஆடிட்டர் வருமானவரி விகிதப்படி, இயந்திரத்துக்கு 15 சதவீதம் என்று போடுகிறார். அவருடையது 80,000 அதிகம். வித்தியாசம்தானே என்று அதையும் ஒரு வரியாக எழுதிக் கழித்தேன். பாடப் புத்தகப் பட்டியல்களிலும் அந்த வரி இருக்கும். கூட்டிப் பார்த்தால் 15,45,000 வந்தது. ஆடிட்டர் சொன்னது 16,25,000. ஒரு சாயங்காலம் முழுக்க வவுச்சர்களைப் புரட்டினேன். பாதியான 40,000 பட்டியலில் எங்கும் இல்லை. ஆனால் உதைத்த 80,000 அப்படியே ஒரு வரியாக என் முன்னால் இருந்தது. மேற்செலவு உண்மையில் 25,10,000 ஆனது என்று எடுத்தேனே, அது ஆடிட்டர் பேரேட்டிலிருந்து எடுத்த எண். அவருடைய தேய்மானம் அதற்குள்ளேயே இருக்கிறது. மூன்றரை லட்சத்தில் ஏற்கெனவே கழிந்ததை இரண்டாம் முறை கழித்திருந்தேன். வரியை அடித்ததும் 16,25,000 வந்து உட்கார்ந்தது.

பட்டியலைப் பார்த்த முதலாளிக்கு வட்டியும் லேத்தும் உடனே விளங்கின. மூன்றரை லட்சத்தில்தான் விரலை வைத்தார். “அப்ப மணிக்கு அறுபது பத்தலைங்களா? எழுபது போட்டுடலாமுங்களா?”

25,10,000-ஐ 36,000-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 70 வருகிறது என்பது நிஜம். அப்படிப் போட்டால் நான்கு மணி நேரப் பம்ப்பின் அடக்கம் 40 ரூபாய் ஏறும். பக்கத்துப் பட்டறை ஏற்றாது. இன்னும் ஆர்டர் போகும், மணி குறையும், அடுத்த ஆண்டு விகிதம் 80 ஆகும். அதனால் மூன்றரை லட்சத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினேன். 4,000 மணி ஓடாததால் ஏறாமல் போனது 2,40,000. நினைத்த 24 லட்சத்துக்கு மேல் செலவு போனது 1,10,000. சும்மா நின்ற இயந்திரத்தின் செலவை வாங்குபவர் தலையில் கட்டக் கூடாது. அது ஆர்டர் பிடிக்க வேண்டியவரின் பாடு. ஏறிய செலவு மட்டும் இனியும் தொடரும் என்றால், 25,10,000-ஐ வழக்கமான 40,000 மணியால் வகுக்கலாம். 62 ரூபாய் 75 காசு வந்தது.

63 என்று எழுதி வைத்தோம்.