குரல் முந்தட்டுமா, படம் முந்தட்டுமா?

பேட்டியில் படத்தையும் ஒலியையும் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டே போனால் பேச்சு துண்டு துண்டாகக் கேட்கும். அடுத்த ஷாட்டின் குரல் முன்கூட்டியே ஒலிப்பது ஜே கட்; முந்தைய ஷாட்டின் குரல் புதுப் படத்தின் மேல் தொடர்வது எல் கட்.

நெசவாளர் ஒருவர் பேசுகிறார். வாக்கியத்தின் நடுவே அவர் முகத்திலிருந்து தறிக்குப் போக எல் கட்தான் வசதி. தறியிலிருந்து அவரிடம் திரும்ப ஜே கட் பொருந்தும்: தறி ஓடும்போதே குரல் தொடங்கி, அரை விநாடி கழித்து, அதாவது சுமார் 12 பிரேமில், முகம் வரும். பேசுமுன் அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தை முகத்தோடு காட்டுவதே மேல். ஜே கட் அதை விழுங்கிவிடும்.

எல் கட்டில் கேள்வி கேட்பவரைக் காட்டினால், அவர் உதடு அசையாத துண்டாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒலி பிசகிவிட்டதாகத் தோன்றும்.