கடல் கணக்கு: பன்னிரண்டு பங்கு விதி

கடல் ஏறும்போதும் வற்றும்போதும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. உயர் ஓதத்தை ஒட்டியும் தாழ் ஓதத்தை ஒட்டியும் நீர்மட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். நடுவில்தான் வேகம் பிடிக்கும். ஓத அட்டவணையோ உயர் ஓதமும் தாழ் ஓதமும் நிகழும் நேரங்களையும், அப்போதைய உயரங்களையும் மட்டுமே தரும். இடைப்பட்ட ஒரு நேரத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அறிய மாலுமிகள் கையாளும் சுருக்குவழிதான் பன்னிரண்டு பங்கு விதி. உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையிலான நேரத்தை ஆறு கூறாகவும், உயர வித்தியாசத்தைப் பன்னிரண்டு பங்காகவும் பிரிக்க வேண்டும். முதல் கூறில் ஒரு பங்கு, அடுத்தடுத்து இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, கடைசியில் ஒன்று என நீர் ஏறும் அல்லது இறங்கும்.

துறைமுகப் பலகையில் ஒட்டிய அட்டவணையைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு கணக்கிடுவது இன்று வழக்கம். அன்றைய தேதியின் கட்டத்தை மட்டும் நெருக்கிப் படமெடுத்தால் அதை நம்பக் கூடாது. துறைமுகத்தின் பெயர், மாதம், ஆண்டு, எந்த நேரக் கணக்கு என்ற குறிப்பு ஆகியவை பக்கத்தின் தலைப்பிலோ ஓரத்திலோதான் இருக்கும். அவையும் படத்தில் விழ வேண்டும். மங்கிய படத்தில் 1 என்பது 7 ஆகவும், 3 என்பது 8 ஆகவும் தெரியக்கூடும். இதைக் கண்டுபிடிக்க முந்தின நாளும் மறுநாளும் உதவும். உயர் ஓதம் நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். உயரங்கள் சிறுகச் சிறுகவே மாறும். பக்கத்து நாட்களில் தாழ் ஓதம் 1.6, 1.3 என்றிருக்க, நடுவில் 7.4 வந்தால் அது 1.4 ஆகத்தான் இருக்கும்.

ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சித் தீவின் செயின்ட் ஹீலியர் துறைமுகத்தை எடுத்துக்கொள்ளலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அங்கே நீர்மட்டம் பத்து மீட்டருக்கும் மேல்கூட ஏறி இறங்கும். ஒரு கோடை நாளில் உயர் ஓதம் 07:02 மணிக்கு 11.0 மீட்டர், தாழ் ஓதம் 13:38 மணிக்கு 1.4 மீட்டர் என்று அட்டவணை காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருந்தால், கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். அப்போது உள்ளூர்க் கடிகாரப்படி நேரங்கள் 08:02, 14:38. பகல் 12:00 மணிக்கு ஒரு பாறைத்திட்டின் மேல் எவ்வளவு நீர் இருக்கும் என்பதே கேள்வி.

இடைநேரம் 396 நிமிடம். ஒரு கூறு 66 நிமிடம். உயர வித்தியாசம் 9.6 மீட்டர், ஒரு பங்கு 0.8 மீட்டர். மூன்று கூறுகள் முடியும் 11:20 மணிக்கு ஆறு பங்கு, அதாவது 4.8 மீட்டர் இறங்கி மட்டம் 6.2 ஆகியிருக்கும். நான்காவது கூறில் மூன்று பங்கு, 2.4 மீட்டர், இறங்கும். அதில் 40 நிமிடம் கழிந்திருப்பதால் சுமார் 1.45 மீட்டர் போக, 12:00 மணிக்கு மட்டம் ஏறக்குறைய 4.75 மீட்டர். கோசைன் வளைவை வைத்துக் கணக்கிட்டாலும் 4.70 வருகிறது, வித்தியாசம் ஐந்து சென்டிமீட்டர்தான்.

இந்த 4.75 இன்னும் ஆழம் அல்ல. கடல் வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து அளந்த நீர் உயரம் அது. வரைபடத்தில் ஆழம் 3 மீட்டர் என்றிருந்தால் அதைக் கூட்ட வேண்டும். அடிக்கோடிட்ட எண் இருந்தால், அடிமட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்து வற்றத்தில் வெளியே தெரியும் தரை அது. அதைக் கழிக்க வேண்டும். பாறையின் மேல் அடிக்கோடிட்ட 2 இருப்பதாகக் கொண்டால், மிஞ்சும் நீர் 2.75 மீட்டர். 1.5 மீட்டர் நீரில் மூழ்கி ஓடும் படகுக்கு அடியில் 1.25 மீட்டர் இடைவெளி கிடைக்கும். 12:26 மணிக்கோ அது 0.3 மீட்டராகச் சுருங்கிவிடும்.

கோடை நேரத்தைக் கூட்ட மறந்தால், இந்த இறங்குமுகத்தில் 12:00 மணி ஆழம் ஒரு மீட்டர் என்றே வரும். படகோட்டி வீணாகக் காத்திருப்பார், அவ்வளவுதான். ஏறுமுகத்தில் அதே மறதி ஆபத்து. இன்னும் வந்து சேராத நீரை வந்துவிட்டதாகக் கணக்கு காட்டும், படகு தரைதட்டும்.

அட்டவணை சராசரிக் காற்றழுத்தத்துக்கானது. அழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் நீர்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் தாழும். சராசரியைவிட 20 மில்லிபார் கூடுதலாக இருக்கும் நாளில், மேலே சொன்ன 0.3 மீட்டரில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். எனவே கணக்கில் வந்த இடைவெளி மிகச் சிறியதாக இருந்தால் கடக்காமல் இருப்பதே சரி. சவுத்தாம்டனில் உயர் ஓதம் இரண்டு முறை உச்சம் காட்டுவதால் இந்த விதி அங்கே செல்லாது. அத்துறைமுகத்துக்கென்று வரைந்த வளைவையே பார்க்க வேண்டும். சென்னையில் சிக்கல் வேறு. ஓதம் பெரிதாக இருக்கும் நாட்களிலும் ஏற்றவற்ற வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். ஒரு பங்கு எட்டு சென்டிமீட்டர். சாதாரண அலையே அதைவிடப் பெரியது.