யஸ்தின் அணையாத நெருப்பு

கி.பி. 651இல் கடைசி சாசானியப் பேரரசர் மூன்றாம் யஸ்தெகெர்த் கொல்லப்பட்டார். அதுவரை ஈரானில் அரச மதமாக இருந்த ஜொராஸ்ட்ரிய மதம், அதன்பின் வரி கட்டி உயிர்வாழும் சிறுபான்மையினரின் மதமாயிற்று. சிலர் கடல் கடந்து குஜராத்துக்கு வந்து பார்சிகள் ஆனார்கள். ஈரானிலேயே தங்கியவர்களில் பலர், அரசர்களின் கண்பார்வைக்கு எட்டாத பாலைவன ஓரத்து ஊர்களான யஸ்திலும் கெர்மானிலும் ஒதுங்கினார்கள்.

கலீபாக்கள், மங்கோலியர், சஃபாவிகள், கஜார்கள் என ஆட்சிகள் மாறின. இந்த மக்களைக் கரைத்ததில் வாளுக்கு இருந்த பங்கு சட்டத்துக்கும் இருந்தது. ஜிஸ்யா என்ற தலைவரியை வசூலிக்கும்போதே அவமானப்படுத்துவார்கள். குதிரை ஏறக் கூடாது, சாயமேற்றிய நல்ல ஆடை உடுத்தக் கூடாது, மழை நாளில் வெளியே வரக் கூடாது. நனைந்த உடல் பட்டால் தீட்டு என்றார்கள். எல்லாவற்றையும்விடக் கொடியது வாரிசுச் சட்டம். குடும்பத்தில் ஒருவர் முஸ்லிமாக மாறினால் சொத்து முழுவதும் அவருக்கே போகும். உடன்பிறந்தவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். மதத்தை விட்டுப் போக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தூண்டுதல் இருந்தது.

இதற்கு அவர்கள் கண்ட வழி, தங்கள் வழிபாட்டை வெளியில் தெரியாமல் சுருக்கிக்கொண்டதுதான். யஸ்துக்கு அருகிலுள்ள ஷரீஃபாபாதில் புனித நெருப்பைச் சாதாரண மண்வீடு போன்ற கட்டடத்தில், உள்ளறையில் வைத்துக் காத்தார்கள். வேண்டாத நேரத்தில் கங்கைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். நெருப்பு அணையாது, ஒளியும் தெரியாது. 1963-64இல் அந்த ஊரில் தங்கி ஆய்வு செய்த பிரிட்டிஷ் அறிஞர் மேரி பாய்ஸ் இந்த வாழ்க்கைமுறையை விரிவாகப் பதிவு செய்தார்.

துணை இந்தியாவிலிருந்து வந்தது. 1478இல் நரிமான் ஹோஷாங் என்ற பார்சி யஸ்துக்குப் போனார். சடங்கு, தூய்மை பற்றிய கேள்விகளுக்கு ஈரானியக் குருமார் எழுதிய பதில்கள் ரிவாயத்துகள் எனப்பட்டன. மூன்று நூற்றாண்டுகள் இந்தக் கடிதங்கள் தொடர்ந்தன. முதலில் ஈரான் அறிவைக் கொடுத்தது. பிறகு பம்பாய் பணத்தையும் செல்வாக்கையும் கொடுத்தது.

1854இல் பம்பாய்ப் பார்சிகள் மானெக்ஜி லிம்ஜி ஹத்தாரியா என்பவரை ஈரானுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் கண்டது ஏறத்தாழ ஏழாயிரம் பேரை மட்டுமே. நெருப்புக் கோயில்களைப் பழுதுபார்த்தார், பள்ளிகள் தொடங்கினார், ஏழைகளின் ஜிஸ்யாவை நிதியிலிருந்து கட்டினார். பிரிட்டிஷ் இந்தியப் பிரஜை என்பதால் அரசவைக் கதவு அவருக்குத் திறந்தது. சுமார் முப்பது ஆண்டு முயற்சிக்குப் பிறகு, 1882இல் நாசர் அல்-தீன் ஷா ஜிஸ்யாவை ஒழித்தார். 1906இல் கூடிய ஈரானின் முதல் நாடாளுமன்றத்தில் ஜொராஸ்ட்ரியர் ஒருவரும் உட்கார்ந்தார்.

ஆனால் வாரிசுச் சட்டம் அந்தக் காலத்தோடு போகவில்லை. இறந்தவர் முஸ்லிம் அல்லாதவராக இருந்து, வாரிசுகளில் ஒருவர் முஸ்லிமாக இருந்தால் மற்றவர்களுக்குப் பங்கில்லை என்ற விதி ஈரானின் குடிமைச் சட்டத்தில் பின்னர் தனிப் பிரிவாகவே சேர்க்கப்பட்டது. வரியை ஒழிக்க ஒரு ஷாவின் ஆணை போதுமாயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்த சட்டத்தை எடுப்பது அதைவிடக் கடினம்.