ஓட்டையில் நுழைந்தால் மட்டும் போதாது

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கேம் கன்சோல்கள் நம் வீடுகளில் அடாப்டர் கருகித்தான் பெரும்பாலும் மூலைக்குப் போகின்றன. அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. அவற்றை நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கொதித்துக் கருகிவிடும். பல சமயம் கன்சோல் தப்பித்துக்கொள்ளும். அடுத்து என்ன அடாப்டரைச் செருகுகிறோம் என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

செகா நிறுவனம் 1988-இல் ஜப்பானில் வெளியிட்ட மெகா டிரைவையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இதற்கு ஜெனிசிஸ் என்று பெயர். முதல் மாடலுக்குத் தேவை 9 வோல்ட் டிசி, 1.2 ஆம்பியர். பின்னின் உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். வீட்டில் சும்மா கிடக்கும் இன்டர்நெட் ரவுட்டர் அடாப்டரின் பின் பல சமயம் இந்த ஓட்டையில் அளவெடுத்தாற்போல உட்காரும். ஆனால் ரவுட்டர் அடாப்டர்களில் வழக்கமாக உள்பக்கம்தான் பிளஸ். செருகிய மறுகணமே மின்சாரம் தலைகீழாகப் பாயும். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களும் வோல்ட்டேஜ் ரெகுலேட்டரும் அதில் பழுதாகிவிடலாம்.

நின்டெண்டோவின் அமெரிக்க என்.இ.எஸ். கன்சோல் அடாப்டரும் இதே ஓட்டையில் நுழையும். அதிலும் 9 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அது ஏசி. என்.இ.எஸ்.ஸுக்கு உள்ளே ஏசியை டிசியாக்கும் பகுதி இருப்பதால் அது தாங்கிக்கொள்ளும். மெகா டிரைவால் முடியாது. ஆகவே லேபிளில் 9 என்ற எண்ணைப் பார்த்ததும் வாங்கிவிடக் கூடாது. பக்கத்தில் DC என்று இருக்கிறதா, வட்டத்துக்குள் புள்ளி போட்ட சின்னத்தில் நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு மைனஸில் முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பலர் குழம்புவது இங்கேதான். வோல்ட் என்பது அடாப்டர் கன்சோலுக்குள் தள்ளும் அழுத்தம். அது கூடினால் கன்சோல் அனுபவித்தே ஆக வேண்டும். மெகா டிரைவுக்குள் இருக்கும் 7805 ரெகுலேட்டர்கள் வருகிற வோல்ட்டை 5-ஆகக் குறைத்து, மிச்சத்தை வெப்பமாகக் கழிக்கின்றன. கன்சோல் 1 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 9 வோல்ட்டில் 4 வாட் வெப்பம் வெளியேறும். 12 வோல்ட்டில் அது 7 வாட். கேம் ஓடத்தான் செய்யும், உள்ளே வேக்காடு. ஆம்பியர் அப்படியல்ல. அடாப்டர் எவ்வளவு வரை தர முடியும் என்பதே அந்த எண்; கன்சோல் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். 1.2 கேட்டால் 2 ஆம்பியர் அடாப்டர் தாராளமாகப் போதும். 0.5 ஆம்பியரை வாங்கினால் அடாப்டர் சுடும், படம் அலையும், நடுவில் கேம் ரீசெட் ஆகும். கிட்டார் எஃபெக்ட் பெடல்களுக்கான 9 வோல்ட் அடாப்டர்களில் பெரும்பாலும் உள்பக்கம் மைனஸாக இருப்பதால் அவற்றைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. நல்ல வழிதான், ஆனால் அவற்றில் பல, ஆம்பியரில் மிகக் குறைந்தவை.

லேபிளை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரை எடுத்துவிடுங்கள். டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பின்னின் துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளிப்புற உலோகத்திலும், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். மீட்டர் −9 என்று காட்டினால் உள்பக்கம் மைனஸ். நமக்கு வேண்டியது அதுதான். மைனஸ் குறி இல்லாமல் 9 வந்தால் அந்த அடாப்டரை ஒதுக்கிவிடலாம். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால், அது ஏசி அடாப்டராகவோ வயர் அறுந்ததாகவோ இருக்கும். கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை, எதிலும் இணைக்காத நிலையில் 13 வோல்ட்கூடக் காட்டும். கன்சோல் இழுக்கத் தொடங்கியதும் இறங்கிவிடும். இன்றைய எடை குறைந்த ஸ்விட்சிங் வகை 9-ஐ ஒட்டியே நிற்கும், புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் தேர்வு அதுதான். இன்புட்டில் 100-240V என்று இருந்தால் நம் வீட்டு மின்சாரம் அதைக் கருக்காது.

கடையில் வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும் R- என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண் உண்மையா என்று BIS Care செயலியில் சரிபார்க்கலாம். வோல்ட்டையும் பிளஸ் மைனஸையும் மாற்றிக்கொள்ளும் 'யுனிவர்சல்' அடாப்டரை நான் பரிந்துரைப்பதில்லை. குழந்தையின் கை பட்டு ஸ்விட்ச் 12-க்கு நகர்ந்தாலும், பின்னைத் திருப்பிச் செருகினாலும் அது எச்சரிக்காது.

உங்களிடம் இருப்பது மெகா டிரைவின் இரண்டாம் மாடல் என்றால் கணக்கே வேறு: 10 வோல்ட், 0.85 ஆம்பியர், உள்பக்கம் பிளஸ், பின்னும் வேறு அளவு. மாடல் எண்ணைக் கன்சோலின் அடிப்பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.