பந்தல், சேர், மைக் செட்: டெபாசிட் எங்க கரையுது?

அருள்புரத்துல காதுகுத்து, சீர்னா பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் வைப்பாங்க. சனிக்கிழமை சம்பளம் வந்துடும், ஞாயிறு பனியன் கம்பெனி லீவு. அதனால எல்லாருக்கும் ஒரே நாள்ல சாமியானா வேணும். வாடகைக் கடை வண்டி சனி சாயங்காலமே சாமானை இறக்கிட்டு, திங்கள் காலைலதான் எடுக்க வரும். இது ஒரு நாளா, ரெண்டு நாளா? முதல் தகராறு இங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். சேர் 8 ரூபாய் வீதம் 100, சாமியானா 600 வீதம் 2, மைக் செட் 3,500. ஒரு நாளைக்கு 5,500. ரெண்டு நாள்னு எழுதினா 11,000. அதனால ரேட் பேசுறப்பவே, இறக்குற நேரமும் ஏத்துற நேரமும் வாடகைல சேருமான்னு கேட்டு, பில்லுல எழுதி வாங்கிக்கங்க. மைக் செட்டை ஞாயிறு காலைல மட்டும் வரச் சொல்லலாம். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி, ராத்திரி 10 மணிக்கு மேல காலை 6 மணி வரைக்கும் திறந்தவெளில ஒலிபெருக்கி போடக்கூடாது. முன்னாடி ராத்திரியே அது வந்து பெரிசா பிரயோஜனம் இல்லை.

அடுத்தது டெபாசிட். 3,000 கட்டியிருக்கீங்கன்னு வைங்க. திங்கள் காலைல 4 சேர் காணோம், 2 சேர் கால் உடைஞ்சிருக்கு. கடைக்காரர் புது சேர் விலை 500 வீதம் போட்டா, டெபாசிட் மொத்தமும் போயிடும். ஆனா அது மூணு வருஷம் ஓடின சேர். பாதி விலைன்னு முன்னாடியே பேசியிருந்தா 1,500 திரும்பி வரும். அதனால ஒவ்வொரு சாமானுக்கும் உடைஞ்சா என்ன விலைங்கிறதை வாங்குற அன்னைக்கே எழுதணும்.

இறக்கினதும் பத்துப் பத்தா அடுக்கி எண்ணுங்க. கால் சேருற இடத்துல வெள்ளைக் கோடு தெரிஞ்சா, அந்த சேர் உடையப் போகுதுன்னு அர்த்தம். அதைத் தனியா வச்சு, வண்டிக்காரர் முன்னாடியே போட்டோ எடுத்துக்கங்க. திருப்பிக் கொடுக்கிறப்பவும் அவர் நிக்கிறப்பவே எண்ணணும். அவர் போன பிறகு எண்ணிப் பிரயோஜனம் இல்லை.

சூறைக்காத்துல சாமியானா கிழிஞ்சா? 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 151, 152 பிரிவுகள் இதைச் சொல்லுது. நம்ம சொந்தப் பொருளைப் பார்த்துக்கிற அளவுக்குப் பார்த்துக்கிட்டோம்னா, அதையும் மீறி வந்த சேதத்துக்கு நாம பொறுப்பில்லை. வேற மாதிரி எழுதிக் கொடுத்திருந்தா மட்டும் பொறுப்பு வரும். ஆனா கயித்தை அவிழ்த்து விட்டது நம்ம ஆளுன்னா, இந்த வாதம் நிக்காது.

மைக் செட்டுக்கு அவங்க ஆபரேட்டரையே கூட அனுப்பச் சொல்லுங்க. சத்தத்தை ஏத்தி ஏத்தி ஸ்பீக்கர் காயில் கருகுறதுதான் அதுல வர்ற பெரிய சேதம். ஆபரேட்டர் அவங்க ஆளா இருந்தா, அதை நம்ம டெபாசிட்ல கழிக்க வேண்டியதில்லைன்னும் பில்லுலயே எழுதிடுங்க.